தங்கையின் பிரசவமும் பேசிக் எகானமி டிக்கெட்டும்

2023 ஜூன் 20 என்று என் தங்கைக்குப் பிரசவத் தேதி சொல்லியிருந்தார்கள். அவள் கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறாள். நாங்கள் ஒஹாயோவில் கொலம்பஸில். திருச்சியிலிருந்து அம்மா வருவதாகத்தான் முதலில் பேச்சு. விசா நேர்காணலுக்குத் தேதியே கிடைக்காத காலம் அது, அதனால் அம்மாவால் வர முடியவில்லை. "அக்கா, நீயாவது வந்துடு" என்றாள் தங்கை. அம்மா இடத்தில் நான் போய் நிற்க வேண்டிய பயணம் அது. என் கணவர், ஏழு வயது மகள், நாலு வயது மகன், நான் என்று நாலு பேர். ஜூன் 17 சனிக்கிழமை போய், ஜூலை 2 ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருவதாகத் திட்டம்.

ஏப்ரல் கடைசியில் ஒரு ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு டிக்கெட் போட உட்கார்ந்தோம். கொலம்பஸிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நடுவில் ஓர் ஊரில் இறங்கி மாற வேண்டும். ஆக, போகவர மொத்தம் நாலு விமானங்கள். திரையில் முதலில் வந்த விலை ஆளுக்கு 268 டாலர். அதன்மேல் தட்டியதும் பக்கத்திலேயே இன்னொரு கட்டம் வந்தது: 338 டாலர். அதே விமானம், அதே நேரம், அதே வரிசை இருக்கைகள். முதலாவது பேசிக் எகானமி, இரண்டாவது சாதாரண எகானமி. ஆளுக்கு 70 டாலர் வித்தியாசம், நாலு பேருக்கு 280. "280 டாலர் இருந்தா குழந்தைக்கு கார் சீட்டே வாங்கிடலாம்" என்றார் கணவர். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பேசிக்கை எடுத்தோம்.

அப்போது வந்த எச்சரிக்கைப் பெட்டியை நான் படித்தேன். படிக்காமல் டிக் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். இருக்கை தேர்ந்தெடுக்க முடியாது, மாற்ற முடியாது, கடைசியில் ஏறுவீர்கள் என்று மூன்று வரிகள். மூன்றையும் ஒரே எடை உள்ளவையாக எடுத்துக்கொண்டதுதான் தவறு. கடைசியில் ஏறுவதால் எங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மற்ற இரண்டும் எங்கள் பயணத்துக்கு என்ன அர்த்தம் என்று ஐந்து நிமிடம் யோசித்திருந்தால் வேறு முடிவு எடுத்திருப்போம்.

முதலில் இருக்கை. பேசிக் டிக்கெட்டில் இருக்கையை விமான நிறுவனமே ஒதுக்கும், பெரும்பாலும் செக்-இன் செய்யும்போதோ அதற்குப் பிறகோதான். மற்றவர்கள் எடுத்தது போக மிச்சம் இருப்பதுதான் கிடைக்கும், அதாவது அங்கொன்றும் இங்கொன்றுமாக நடு இருக்கைகள். நாலு வயதுப் பையனை 31-ஆவது வரிசையிலும் என்னை 22-இலும் போட்டால் என்ன செய்வது? வாசலில் இருக்கும் ஊழியர்கள் எப்படியாவது சேர்த்து வைப்பார்கள் என்று தோழி சொன்னாள். அது பல நேரம் உண்மைதான். ஆனால் நாலு விமானத்திலும் அதை நம்பி இருக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் டிக்கெட் வாங்கிய இரண்டாம் நாளே, கணவருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கைகளைக் காசு கொடுத்து வாங்கினோம். நான் எங்கே வேண்டுமானாலும் உட்காருவேன் என்று விட்டுவிட்டோம். ஓர் இருக்கைக்கு 18 டாலர். ஆளுக்கு நாலு விமானம் என்றால் 72. மூன்று பேருக்கு 216.

இந்தக் கணக்கை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். பேசிக்கால் ஆளுக்கு மிச்சம் 70 டாலர். இருக்கைக்கு ஆளுக்குச் செலவு 72. இந்த மூன்று பேர் விஷயத்தில் சேமிப்பு அங்கேயே தீர்ந்துவிட்டது. சாதாரண எகானமியில் அதே இருக்கைகள் இலவசம். இருக்கைக் கட்டணம் விமானத்துக்கு ஒன்று என்று கணக்கு. நேர் விமானம் என்றால் போகவர இரண்டு முறைதான் கட்டியிருப்போம். நடுவில் மாறும் பயணத்தில் அது இரட்டிப்பாகும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

இதில் எனக்கு அப்போது தெரியாத ஒன்று இருக்கிறது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2023 மார்ச்சிலிருந்து தன் இணையதளத்தில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 13 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளையைக் கூட வரும் பெரியவர் பக்கத்தில் கூடுதல் கட்டணம் இல்லாமல் உட்கார வைப்பதாக எந்த நிறுவனங்கள் உறுதி தருகின்றன என்று அதில் பார்க்கலாம். அமெரிக்கன், அலாஸ்கா, ஃப்ரான்டியர் மூன்றும் அதில் முதலில் இடம்பிடித்தவை. அந்த உறுதி பேசிக் டிக்கெட்டுக்கும் பொருந்தும். ஒரே முன்பதிவில் இருக்க வேண்டும், அந்த வகுப்பில் பக்கத்துப் பக்கத்து இடம் காலியாக இருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தப் பட்டியலைப் பார்ப்பது நல்லது. உறுதி தரும் நிறுவனம் என்றால் 216 டாலர் செலவே வராது, பேசிக் பக்கம் தராசு கொஞ்சம் சாயும். ஓர் பெரியவர் பக்கத்தில் உட்கார வைப்பதுதான் அந்த உறுதி, குடும்பம் முழுவதையும் ஒரே வரிசையில் வைப்பது அல்ல.

அப்புறம் ஜூன் 9 வந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்குத் தங்கையின் கணவர் கூப்பிட்டார். பனிக்குடம் உடைந்து மருத்துவமனைக்குப் போய்விட்டார்கள். விடியும்போது குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை, சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்னால். அம்மா திருச்சியிலிருந்து வீடியோவில் அழுகிறார், தங்கை அங்கே தனியாக, எங்கள் டிக்கெட் இன்னும் ஒரு வாரம் கழித்து. "நீ மட்டும் இன்னைக்கே கிளம்பு, நான் பிள்ளைகளோட அடுத்த சனிக்கிழமை வரேன்" என்றார் கணவர். சரி, என் டிக்கெட்டை மட்டும் முன்னால் தள்ளலாம் என்று உட்கார்ந்தேன்.

மாற்று என்ற பொத்தானே திரையில் இல்லை. ரத்து செய் என்பது மட்டும் இருந்தது, அதுவும் நாலு பேருக்கும் சேர்த்து. தொலைபேசியில் கூப்பிட்டேன். பேசிய பெண் மிகவும் பொறுமையாகச் சொன்னார், அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. நாலு பேரும் ஒரே முன்பதிவு எண்ணில் இருப்பதால், முதலில் என்னை அதிலிருந்து பிரித்துத் தனி எண் போட வேண்டும். அது முடியும், இலவசம். பிறகு என் பேசிக் டிக்கெட்டை மாற்ற முடியாது, முழுவதுமாக ரத்துதான் செய்ய முடியும். ரத்துக்கு 99 டாலர் பிடித்துக்கொண்டு மீதியை அடுத்த பயணத்துக்கு வரவாகத் தருவார்கள். 268-இல் 99 போக 169.

எனக்கு உறைக்க நேரம் எடுத்தது "முழுவதுமாக" என்ற சொல். போகும் பயணத்தை மட்டும் மாற்றினால் போதும், ஜூலை 2 திரும்பும் விமானம் அப்படியே இருக்கட்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது கிடையாது. போகும் பகுதியை விட்டுவிட்டுத் திரும்பும் விமானத்தில் மட்டும் ஏறிக்கொள்ளலாமா என்றும் கேட்டேன். முதல் விமானத்தில் ஏறாவிட்டால் பின்னால் வரும் எல்லாம் தானாக ரத்தாகிவிடும் என்றார். இது பேசிக்குக்கு மட்டும் உள்ள விதி அல்ல, எல்லா டிக்கெட்டுக்கும் உண்டு. ஆனால் சாதாரண டிக்கெட் வைத்திருப்பவர் முறையாகப் போகும் பகுதியை மட்டும் மாற்றிக்கொள்ள முடியும்.

அன்றைக்குப் போக 284 டாலர், குடும்பத்தோடு சேர்ந்து திரும்ப 196 டாலர், மொத்தம் 480 கொடுத்துப் புது டிக்கெட் எடுத்தேன். வரவு 169 போக, கையிலிருந்து 311. சாதாரண எகானமியாக இருந்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று அந்தப் பெண்ணிடமே கேட்டேன். மாற்றுக் கட்டணம் இல்லை, விலை வித்தியாசம் மட்டும்தான், கிட்டத்தட்ட 115 டாலர் என்றார். ஆக, பேசிக் வாங்கியதால் எனக்கு அதிகம் ஆனது 196. இருக்கைக்குக் கொடுத்த 216-ஐயும் சேர்த்தால் 412. மிச்சம் பிடித்ததோ 280. கடைசியில் 132 டாலர் நஷ்டம்.

132 டாலர் எங்களைக் கவிழ்த்துவிடும் தொகை அல்ல. எனக்கு இன்றைக்கும் உறுத்துவது அந்த ஒன்றரை மணி நேரம்தான். தங்கைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய நேரத்தில், சமையலறைத் தரையில் உட்கார்ந்து முன்பதிவு எண்களை எழுதிக்கொண்டிருந்தேன்.

இந்த விதிகள் ஏன் இப்படி இருக்கின்றன என்று பிறகு நிறையப் படித்தேன். டெல்டா நிறுவனம்தான் 2012 வாக்கில் சில தடங்களில் இந்த வகை டிக்கெட்டை முதலில் கொண்டுவந்தது. யுனைடெட்டும் அமெரிக்கனும் 2017-இல் தொடங்கின. ஸ்பிரிட், ஃப்ரான்டியர் போன்ற மலிவு நிறுவனங்களின் விலைக்குப் பக்கத்தில் தங்கள் விலையும் திரையில் தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம். 2020-க்கு முன்னால் சாதாரண எகானமி டிக்கெட்டை மாற்றவும் உள்நாட்டில் 200 டாலர் வரை கட்டணம் இருந்தது. அதனால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. 2020 ஆகஸ்ட் கடைசியில் மூன்று பெரிய நிறுவனங்களும் அந்த மாற்றுக் கட்டணத்தை எடுத்துவிட்டன, பேசிக்கை மட்டும் அதில் சேர்க்கவில்லை. இப்போது அந்த 70 டாலரில் பெரும்பகுதி, தேதியை மாற்றும் உரிமைக்கான விலை. பழைய நினைவில் "எந்த டிக்கெட்டை மாற்றினாலும் காசுதானே" என்று இருப்பவர்கள் இதைத் தவறாக எடைபோடுகிறார்கள். என் கணவர் அப்படித்தான் நினைத்திருந்தார்.

பெயர்களும் குழப்பும். எல்லோரும் பேசிக் எகானமி என்றே எழுதுவதில்லை. அலாஸ்காவில் அது சேவர், ஜெட்புளூவில் புளூ பேசிக், டெல்டாவில் 2025-இலிருந்து டெல்டா மெயின் பேசிக். மெயின் என்ற சொல்லைப் பார்த்துச் சாதாரண எகானமி என்று நினைத்துவிடக் கூடாது. டெல்டாவில் சாதாரண எகானமிக்கு இப்போது மெயின் கிளாசிக் என்று பெயர். சவுத்வெஸ்ட்டில் எந்த டிக்கெட்டுக்கும் இரண்டு பெட்டி இலவசம் என்று நம் ஆட்கள் பல வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள். 2025 மே 28 முதல் அங்கேயும் பேசிக் வந்துவிட்டது, பெட்டிக்கும் காசு.

இவ்வளவும் சொன்ன பிறகு, பேசிக்கை நான் வெறுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அதற்கு அடுத்த நவம்பரில் நானே வாங்கினேன், நல்ல முடிவாகவே இருந்தது. நியூஜெர்சியில் தோழி வீட்டு கிரகப்பிரவேசம். சனிக்கிழமை காலை போய், ஞாயிறு மாலை திரும்ப வேண்டும். நான் மட்டும் தனியாக. கொலம்பஸிலிருந்து நியூவர்க்குக்கு யுனைடெட்டில் நேர் விமானம், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. பேசிக் 182 டாலர், சாதாரணம் 238. வித்தியாசம் 56.

இங்கே பார்க்க வேண்டியது கைப்பெட்டி. யுனைடெட்டின் உள்நாட்டுப் பேசிக் டிக்கெட்டில் மேல் தட்டில் வைக்கும் சக்கரப் பெட்டிக்கு அனுமதி இல்லை. முன் இருக்கைக்கு அடியில் போகும் ஒரு பை மட்டும்தான். அளவு 9, 10, 17 அங்குலம், அதாவது பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோகும் பை அளவு. பெரிய பெட்டியோடு வாசல் வரை போய்விட்டால், அதைக் கீழே அனுப்பும் கட்டணத்தோடு இன்னொரு 25 டாலரும் சேர்த்து வாங்குவார்கள். முதல் பெட்டிக்கு 35, 40 டாலர் என்று வைத்துக்கொண்டால், ஒரு வழியிலேயே 56 டாலர் மிச்சம் போய்விடும். அமெரிக்கன் நிறுவனமும் தொடக்கத்தில் இப்படித்தான் வைத்திருந்தது, 2018 செப்டம்பரில் எடுத்துவிட்டது. டெல்டா பேசிக்கில் கைப்பெட்டி கொண்டுபோகலாம். ஆகவே, பேசிக் என்றால் கைப்பெட்டி கிடையாது என்று பொதுவாகச் சொல்வது தவறு. யாருடைய பேசிக் என்று கேட்க வேண்டும். யுனைடெட்டின் கடன் அட்டை வைத்திருப்பவர்களுக்கும் அடிக்கடி பறந்து தகுதி பெற்றவர்களுக்கும் இந்தத் தடை கிடையாது. அவர்களுக்குப் பேசிக்கின் மதிப்பு சட்டென்று கூடிவிடுகிறது.

என்னிடம் ஒரு பட்டுப்புடவை, ஒரு சல்வார், பல்துலக்கும் சாமான், தோழிக்கு ஒரு குத்துவிளக்கு. விளக்கை மூன்று துண்டாகக் கழற்றிப் புடவைக்குள் சுற்றிவிட்டேன். மகளின் பழைய பள்ளிப் பையில் எல்லாம் அடங்கியது. வீட்டிலேயே டேப் வைத்து அளந்தேன். பை காலியாக இருக்கும்போது அளக்கக் கூடாது, நிரப்பிய பிறகுதான் முன்பக்கம் துருத்தும். நடு இருக்கைதான் கிடைத்தது. இரண்டு மணி நேரத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 56 டாலர் முழுதாக மிச்சம்.

அந்தப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டி வந்திருந்தால்? அதற்கும் முன்கூட்டியே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன், அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பேசிக்கை ரத்து செய்தால் 99 டாலர் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு என்றால், சாதாரண டிக்கெட்டோடு ஒப்பிடும்போது எனக்குக் கூடுதல் இழப்பு அந்த 99-தான். ரத்தாகாத முறைகளில் 56 மிச்சம் பிடிக்கிறேன், ரத்தாகும் முறைகளில் 99 இழக்கிறேன். பத்துப் பயணத்தில் நாலு முறை ரத்து செய்தால்தான் நஷ்டம். ஒன்றுமே திரும்பத் தராத நிறுவனம் என்றால் 182 முழுவதும் போகும். அப்போதுகூடப் பத்தில் மூன்று முறை ரத்தானால்தான் நஷ்டம். எனக்குத் தனியாகப் போகும் பயணங்கள் பத்தில் ஒன்று மாறினாலே அதிகம். ஆகவே தேதி உறுதியான, தனி ஆளின் குறுகிய பயணத்துக்கு "மாற்ற முடியாதே" என்ற பயத்தில் மட்டும் அதிகம் கொடுப்பது தேவையில்லாதது.

பிரசவத்துக்குப் போகும் பயணம் அப்படியல்ல. சொன்ன தேதியில் பிறக்கும் குழந்தைகள் குறைவு என்பது இரண்டு பெற்ற எனக்கே தெரியும். முதியவரின் அறுவை சிகிச்சை, விசா தேதியை நம்பி இருக்கும் பயணம், பள்ளியில் எப்போதும் காய்ச்சல் பிடித்துவரும் சின்னப் பிள்ளைகளோடு போவது, இவற்றில் எல்லாம் மாறும் வாய்ப்பு பத்தில் ஒன்று அல்ல, பாதிக்குப் பாதி. அதோடு, ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நாலு பேர் டிக்கெட்டும் ரத்தாகும், 99 என்பது 396 ஆகும். ஆள் எண்ணிக்கை கூடக்கூட மிச்சமும் கூடுகிறது என்று மட்டும்தான் அன்றைக்கு நாங்கள் பார்த்தோம்.

சாதாரண டிக்கெட்டின் இன்னொரு பயன் விளம்பரத்தில் பெரிதாக வருவதில்லை. வாங்கிய பிறகு அதே விமானத்தின் விலை இறங்கினால், மாற்று என்பதைத் தட்டி அதே விமானத்தையே புது விலைக்கு மறுபடி எடுத்துக்கொண்டு, வித்தியாசத்தை வரவாக வாங்கிக்கொள்ளலாம். பேசிக்கில் இது முடியாது. மாதக்கணக்கில் முன்னால் வாங்குகிறவர்களுக்கு இது நிஜமான பணம். ஆனால் வரவுதான், கையில் காசாக வராது, அதற்குக் காலாவதித் தேதியும் உண்டு. அதே நிறுவனத்தில் அடுத்த வருஷத்துக்குள் பறக்க மாட்டீர்கள் என்றால் இதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மைல் சேர்ப்பவர்களும் கவனிக்க வேண்டும். 2022-இலிருந்து டெல்டாவின் பேசிக் பயணத்துக்கு மைல் கிடையாது.

பேசிக் வாங்கியவருக்கும் உரிமைகள் இருக்கின்றன, அவற்றைத் தெரியாமலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். முதலாவது 24 மணி நேரம். பயணத்துக்கு ஏழு நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விமான நிறுவனத்திடமே நேரடியாக வாங்கினால், 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்து முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம். சில நிறுவனங்கள் இதற்குப் பதிலாகப் பணம் கட்டாமல் 24 மணி நேரம் விலையைப் பிடித்து வைக்க விடும். பேசிக்கும் இதில் அடக்கம். அமெரிக்கக் கூட்டாட்சி விதி இது. மூன்றாம் நபர் பயணத் தளத்தில் வாங்கினால் அந்தத் தளத்தின் விதிதான் பேசும். நாங்கள் இருக்கை வாங்கியதும் 72-க்கு 70 என்ற கணக்கு அப்போதே கண்ணில் பட்டிருந்தால், டிக்கெட்டை ரத்து செய்து மறுபடி வாங்கியிருக்கலாம். ஆனால் இருக்கையை இரண்டாம் நாள் ராத்திரிதான் பார்த்தோம், 24 மணி நேரம் தாண்டிவிட்டது. இப்போது டிக்கெட் வாங்கிய அன்றே இருக்கை, பெட்டி எல்லாவற்றையும் கட்டணத்தோடு பார்த்துவிடுகிறேன். அதற்காகவே ராத்திரியில் வாங்குவதை நிறுத்தி, காலையில் வாங்குகிறேன். அன்று மாலைக்குள் மனம் மாறினால் வழி இருக்கும்.

இரண்டாவது, விமானத்தை நிறுவனமே ரத்து செய்தால், அல்லது நேரத்தை உள்நாட்டில் மூன்று மணி நேரமும் வெளிநாட்டில் ஆறு மணி நேரமும் அதற்கு மேலும் மாற்றினால், மாற்று ஏற்பாடு வேண்டாம் என்று சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 2024 அக்டோபர் கடைசியிலிருந்து இது நடப்பில் இருக்கிறது. பேசிக் டிக்கெட்டும் இதில் வரும். கடன் அட்டையில் கட்டியிருந்தால் ஏழு வேலை நாளுக்குள் பணம் வர வேண்டும். இதிலிருந்து எனக்குக் கிடைத்த பாடம், பனிப்புயல் வரப்போகிறது என்று செய்தி கேட்டதும் அவசரப்பட்டு நாமே ரத்து செய்யக் கூடாது என்பது. நாம் ரத்து செய்தால் 99 போகும். அவர்கள் ரத்து செய்தால் முழுப் பணமும் வரும். புயல் நேரங்களில் கட்டணம் இல்லாமல் தேதி மாற்றிக்கொள்ள அறிவிப்பும் போடுவார்கள், பெரும்பாலும் பேசிக்கையும் அதில் சேர்ப்பார்கள். புறப்படும் நேரம் வரைக்கும் பொறுத்துப் பார்க்கலாம். ஆனால் வராமல் இருந்துவிடக் கூடாது. விமானம் கிளம்பியே தீரும் என்று தெரிந்தால், கிளம்புவதற்கு முன் ரத்து செய்துவிட வேண்டும். அதற்குப் பிறகு 169-கூடக் கிடைக்காது.

குடும்பத்தில் எல்லோரும் ஒரே வகை டிக்கெட்டில் போக வேண்டும் என்பதும் இல்லை. ஒரே முன்பதிவில் எல்லோருக்கும் ஒரே வகைதான் போட முடியும், ஆனால் இரண்டு முன்பதிவாகப் பிரித்து வாங்கலாம். அன்றைக்கு எங்களில் தேதி மாறக்கூடியவள் நான் ஒருத்திதான். பிள்ளைகளோடு போகிறவருக்கு இருக்கை வேண்டும், அதனால் அந்த மூன்றும் சாதாரணமாகவே இருந்திருக்க வேண்டும். எங்கள் விஷயத்தில் நாலுமே பேசிக்குக்குத் தகுதியில்லாதவை. வேறு குடும்பத்தில் கல்லூரி போகும் மகன் மட்டும் பேசிக்கில் போகலாம். பிரித்து வாங்கினால் ஒரு குறை உண்டு: விமானம் ரத்தாகி மாற்று விமானம் போடும்போது கணினி இரண்டு முன்பதிவையும் தனித்தனியாகத்தான் பார்க்கும். கூப்பிட்டு இரண்டையும் ஒன்றோடொன்று குறித்து வைக்கச் சொல்லலாம், செய்வார்கள். அதையும் மீறிப் பிரிந்துபோக வாய்ப்பு உண்டு. பிள்ளையை வேறு முன்பதிவில் விடவே கூடாது.

போன டிசம்பரில் தங்கை மகளைப் பார்க்க மறுபடி சான் பிரான்சிஸ்கோ போனோம். நானும் பிள்ளைகளும் சாதாரண எகானமி, ஒரே முன்பதிவு. கணவருக்கு அலுவலக வேலை இருந்ததால் நாலு நாள் கழித்துத் தனியாக வந்தார், முதுகுப்பை ஒன்றோடு, பேசிக்கில். அக்டோபர் நடுவில் எங்கள் மூன்று பேர் விமானத்தின் விலை ஆளுக்கு 34 டாலர் இறங்கியிருந்தது. மாற்று என்பதைத் தட்டி, அதே விமானங்களையே மறுபடி எடுத்தேன். 102 டாலர் வரவாக வந்தது. கணவர் டிக்கெட்டும் அதே வாரம் இறங்கியிருந்தது. அவருக்கு ஒன்றும் வரவில்லை, ஆனால் பேசிக் எடுத்ததால் அவருக்கு வந்த 64 டாலர் மிச்சம் அப்படியே நின்றது.